ஈரம் குறைந்தால் இழை அறும்

மாப்பிள்ளை,

உனக்கு சூப்பர்வைசர் உத்தரவு வந்த செய்தியைச் சொல்லும்போது உன் அம்மா போனிலேயே அழுதுவிட்டாள். நிறைந்த பாபின் கழற்றும் டாஃபராக நூற்பாலைக்குள் நுழைந்து, அறுந்த இழை ஒட்டும் சைடராகி, மெஷினைச் சரிபார்க்கும் ஜாபராகி, இப்போது நூல் நூற்கும் அதே ரிங் பிரேம் பகுதிக்குப் பொறுப்பாளனாக நிற்கிறாய். திங்கட்கிழமை மூன்றாம் ஷிப்டில் உன் முன்னால் நிற்கப்போகிற நாற்பது பேரும் உன்னோடு ஒரே குழாயில் கைகழுவியவர்கள். புது ஆட்களை நடத்துவது எளிது. பழகியவர்களை நடத்துவதற்கு வேறு மனசு வேண்டும்.

முப்பத்தொரு ஆண்டு ஆலை வேலையில், பத்தொன்பது ஆண்டு மேஸ்திரியாக இருந்தேன். அப்போது என் டைரியின் கடைசிப் பக்கங்களில் எழுதிவைத்த மொழிகளை உனக்காக இங்கே எடுத்து எழுதியிருக்கிறேன். சில நம் ஊர்ப் பழமொழிகள். சில என் ஆத்தா சொன்னவை. மற்றவை நான் பட்டுத் தெரிந்துகொண்டவை.

முற்றிய கதிர் தலை சாயும்.

சோழவந்தான் பக்கம் வயல் பார்த்து வளர்ந்தவன் நீ, இதற்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் ஆலையிலும் கதிர் இருக்கிறது. பாபினைச் சுமந்து பிரேமில் நிற்கும் கதிர் நிமிர்ந்தேதான் சுற்றும், நிமிடத்துக்குப் பதினைந்தாயிரம் சுற்றுக்கும் மேலே. எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் நூல் நிறைந்ததும் பாபினைக் கழற்றிவிடுவார்கள், கதிர் வெறும் இரும்பாக நிற்கும். வயல் கதிரோ தன் மணியைத் தானே சுமந்து சாய்கிறது. இரண்டையும் பார்த்தவன் எதைப் போல இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளலாம்.

ஈரம் குறைந்தால் இழை அறும்.

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது என் கதை.

ரிங் பிரேம் கூடத்தில் காற்றின் ஈரப்பதம் 55 முதல் 60 விழுக்காடு வரை இருக்க வேண்டும் என்பது உனக்கே தெரியும். காற்று காய்ந்துவிட்டால் பஞ்சு இழைகள் ஒன்றையொன்று பிடிக்காது, பஞ்சு பறக்கும், நூல் பொடுக்குப் பொடுக்கென்று அறும். நான் மேஸ்திரியான மூன்றாவது வாரம், ஒரு சித்திரை மாதத்துப் பகல் ஷிப்ட். ஒரு பிரேமில் இழை நிற்கவே இல்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன், ஒரே பீடியை இரண்டாகப் பகிர்ந்த கூட்டாளி. "மாப்பிள்ளை, காற்று காய்ந்திருக்கிறது, ஈரப்பத பிளாண்டைப் போய்ப் பார்" என்றான். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால் நான் சொன்னேன்: "மாப்பிள்ளை உறவெல்லாம் கேட்டுக்கு வெளியே. இங்கே மேஸ்திரி. முதலில் கையை வேகமாக ஓட்டு."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து இழை ஒட்டினான். ஒட்ட ஒட்ட அறுந்தது. இரண்டு மணி நேரம் கழித்து அடுத்த பிரேமும் அதற்கடுத்த பிரேமும் அதே நிலைக்கு வந்த பிறகுதான் பிளாண்டுக்கு ஆள் அனுப்பினேன். தண்ணீர் தெளிக்கும் நாசில்களில் பாதி அடைத்துப்போயிருந்தன. அவன் சொன்னது சரி.

அன்று முதல் அவன் என்னை "சார்" என்று கூப்பிட்டான். கோபமாகக் கூப்பிட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நல்ல மரியாதையோடு, தலையை லேசாக ஆட்டி, "சரிங்க சார்" என்பான். பதினோரு மாதம் அந்தச் "சார்" என் காதில் முள்ளாகக் குத்தியது. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. மெஷினில் எந்தச் சத்தம் மாறினாலும் முதலில் கேட்கும் காது அவனுடையது. அந்தக் காதில் விழுந்தது எதுவும் அதன் பிறகு என்னிடம் வரவில்லை.

நெஞ்சில் ஈரம் என்று நம் தமிழில் சும்மா சொல்லிவைக்கவில்லை, மாப்பிள்ளை. காற்றுக்கும் அதே சொல், மனசுக்கும் அதே சொல்.

சபையில் சொன்ன சொல்லுக்குச் சபையிலே மன்னிப்பு.

பதினோரு மாதம் ஏன் ஆனது தெரியுமா? நான் இரண்டு முறை தனியாகக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, வருத்தம் சொன்னேன். டீயைக் குடித்துவிட்டு "பரவாயில்லை சார்" என்றான். கடைசியில் ஒருநாள் டாஃபிங் முடிந்து எல்லோரும் நின்றபோது, "அன்று தப்பு என்னுடையது, அவன் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும்" என்று உரக்கச் சொன்னேன். அவமானம் எத்தனை பேர் முன்னால் நடந்ததோ, அத்தனை பேர் முன்னால்தான் தீரும்.

தோளில் போட்ட கையைச் சுட்டு விரலாக்காதே.

விளக்கம் வேண்டாம்.

உனக்குக் கிடைத்த நாற்காலி இன்னொருவர் கனவிலும் வந்திருக்கும்.

உன் பகுதியிலேயே உன்னைவிட ஆறு ஆண்டு மூத்த ஜாபர் ஒருவர் இருக்கிறார். அவருக்கே கிடைக்கும் என்று அவர் வீட்டில் பேசியிருப்பார்கள், மகளிடம்கூடச் சொல்லியிருப்பார். உனக்கு வந்ததில் உன் தப்பு எதுவும் இல்லை, ஆனாலும் அவர் வலி உண்மை. அவரிடம் ஆறுதல் சொல்லாதே, அது மேலேயிருந்து விழுகிற ஆறுதலாக இருக்கும். வேலை கேள். "அண்ணே, ரிங்கில் போட்ட இந்தப் புது டிராவலர் எத்தனை நாள் தாங்கும் என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேள். அவருக்குத் தெரிந்ததை உனக்குத் தெரிந்ததுபோல மேலிடத்தில் சொல்லாமல், "அண்ணன் சொன்னார்" என்று அவர் பேரோடு சொல்.

தேரை இழுப்பவர் ஆயிரம். கட்டை போடுபவர் கண்ணை மட்டும் தேர் நம்பும்.

சித்திரைத் தேரோட்டத்தில் மாசி வீதிகளில் நீயும் வடம் பிடித்திருக்கிறாய். முனை திரும்பும் இடத்தில் சக்கரத்துக்குக் கீழே கட்டையைச் செருகுகிறவர்களைப் பார். தலை குனிந்து, சக்கரத்தை ஒட்டி, தரையோடு தரையாக ஓடுவார்கள். தேர் திரும்புவதும் நிற்பதும் அவர்கள் கையில். உன் வேலை இனிமேல் அந்த வேலை. வடத்தின் முன்னால் நின்று கத்துவதற்கு வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

அழகர் மலையிலேயே இருந்தால் ஆற்றுக்கு யார் வருவார்கள்?

என் ஆத்தா சொல்வாள். சாமியே இருபது கிலோமீட்டர் இறங்கி, வழியெல்லாம் மண்டகப்படிக்கு நின்று நின்று, தூக்குகிறவர்கள் தோளில் ஆடி ஆடித்தான் வைகைக்கு வருகிறார். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தபடி மைக்கில் கூப்பிடாதே. பிரேம் பிரேமாக நடந்து போ.

பந்தியில் எல்லா இலையும் பக்கத்து இலையைப் பார்க்கும்.

பணிவு என்றால் கூட்டாளிகளுக்கு வளைந்து கொடுப்பது என்று நினைத்துவிடாதே. நெருங்கினவனுக்கு ஓவர்டைம், நெருங்காதவனுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று போட்டால், வேண்டியவன் இலையில் இரண்டாவது வடை வைத்தது மாதிரி. யாரும் வாய் திறக்க மாட்டார்கள், எல்லோரும் எண்ணியிருப்பார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு எல்லோருமே விடுப்புக் கேட்பார்கள். முந்திய ஆண்டு அன்று வேலை பார்த்தது யார் என்று பதிவேட்டைப் பார்த்து அவர்களுக்கு முதலில் கொடு. முதல் வருஷம் நீ ஷிப்டில் நில்.

பணிவு வேறு, குனிவு வேறு.

தலைமுடியை முடிந்து தொப்பிக்குள் விடாமல் ஓடும் மெஷின் பக்கம் வந்தால், அது உன் சித்தி மகளாக இருந்தாலும் நிறுத்தி வெளியே அனுப்பு. ஓடும்போது கைவிட்டுப் பஞ்சு எடுப்பவனையும் அப்படியே. இதில் நட்புக்காகத் தலையாட்டினால் நாளை ஆஸ்பத்திரி வாசலில் நிற்பாய். ஆனால் குரலை உயர்த்தாமல் நிறுத்த முடியும். மெஷின் சத்தத்தில் கத்துவது எல்லோருக்கும் பழக்கம். அருகில் போய்க் காதோரம் சொல், அதற்கு இரட்டிப்பு மரியாதை.

இன்னும் சில, டைரியில் எழுதியிருந்தபடியே:

நிறைகுடம் தளும்பாது, ஆனால் நிறைந்திருக்கிறதா என்று நீயே தட்டிப் பார்க்காதே.

ஏறின ஏணியை எட்டி உதைத்தால் இறங்கும்போது குதிக்க வேண்டும்.

உனக்கு இழை ஒட்டக் கற்றுக்கொடுத்த விரல்களுக்கு இன்று வயசாகியிருக்கும். வேகத்தை ஒப்பிடாதே.

பாராட்டு வந்தால் பேர்களைச் சொல், கேள்வி வந்தால் "நான்" என்று சொல்.

தெரியாது என்று சொன்ன சூப்பர்வைசரை யாரும் இளக்காரமாகப் பார்த்ததில்லை. தெரிந்ததுபோல நடித்தவனைக் கேன்டீன் முழுக்கப் பேசும்.

முதல் மாதம் யாராவது பழக்கதோஷத்தில் "டேய்" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். நீ சாதாரணமாகத் திரும்பி "என்னடா" என்று கேட்டுவிடு. அந்தப் பயம் அன்றோடு போகும். உன்னை எப்படிக் கூப்பிடுவது என்பதை அவரவர் முடிவு செய்யட்டும்.

பதவி உயர்வுக்கு எல்லோருக்கும் ஸ்வீட் கொடுக்க வேண்டும் என்று உன் அம்மா இப்போதே கடை விசாரிக்கிறாள். கொடு, சந்தோஷம்தான். ஆனால் அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த மூத்த ஜாபர் வீட்டுக்கு ஒருமுறை போய்வா. ஸ்வீட் பெட்டி வேண்டாம், வெற்றிப் பெட்டி மாதிரி தெரியும். வழியில் பருத்திப்பால் ஒரு தூக்கில் வாங்கிக்கொள், அவர் மகளுக்குப் பிடிக்கும். உட்காரச் சொன்னால் திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார். வேலைப் பேச்சை அவர் எடுத்தால் பேசு, எடுக்காவிட்டால் ஊர்ப் பேச்சு பேசிவிட்டு எழுந்துவா.

திங்கள் இரவு வழக்கம்போல உன் தூக்குச்சட்டியைப் பழைய பெஞ்சிலேயே வை. சூப்பர்வைசர் அறையில் மேசை இருக்கிறது என்று எனக்கும் தெரியும்.

உன் மாமா