பொங்கல் வாழ்த்து: வடை வேண்டுமென்றால் தமிழில் கேளுங்கள்

சங்கத்து உறவுகள் எல்லாருக்கும் வணக்கம், பொங்கல் நல்வாழ்த்துகள்.

இதைக் கோத்தகிரியில் அம்மாவின் அடுப்பங்கரையில் உட்கார்ந்து எழுதுகிறேன், வீட்டில் சூடான இடம் அது ஒன்றுதான். ஒண்டாரியோவில் மைனஸ் இருபதிலும் வீட்டுக்குள் பனியனோடு திரிகிறவன், இங்கே பத்து டிகிரிக்கு இரண்டு ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டிருக்கிறேன். அம்மா சிரிக்கிறார்.

செய்தி எழுதுவதற்கு முன்னால் நம் சங்கத்தின் பழைய பொங்கல் செய்திகளை எடுத்துப் படித்தேன். வேர், விழுது, தாய்மண், தொப்புள்கொடி. வருடத்தை மறைத்துவிட்டால் எது எந்த வருடத்துச் செய்தி என்று யாராலும் சொல்ல முடியாது. அதில் இரண்டு நான் எழுதியவை, அதனால் குறை சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

வேர் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னச் சிக்கல் வரும். என் தாத்தா பாட்டி பிறந்தது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில், அங்கே அவர்களுக்குப் பெயர் இந்தியாக்காரர்கள். 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அந்தக் கணக்கில் எங்கள் குடும்பமும் சேர்ந்து, எழுபதுகளில் மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்து மறுபடியும் கொழுந்து பறிக்கப் போனது. இங்கே வந்ததும் பெயர் மாறிவிட்டது, சிலோன்காரர்கள். நான் கனடா வந்த பிறகு சங்கத்தில் என்னை ஊட்டிக்காரர் என்கிறீர்கள். கோத்தகிரி வேறு, ஊட்டி வேறு என்று எத்தனை தடவை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை, சரி போகட்டும். இதில் வேர் எது என்று கேட்டால் நான் எந்த ஊரைக் காட்டுவது?

ஆனால் ஒன்று நடந்தது. நான் சங்கத்தில் சேர்ந்த முதல் குளிர்காலம், கூட்டம் முடிந்து வெளியே வந்தால் வாகன நிறுத்தத்தில் முழங்கால் அளவு பனி. மகள் அப்போது கைக்குழந்தை, தள்ளுவண்டி நகரவில்லை. "ரோதை சிக்கிக்கிச்சு, கொஞ்சம் தூக்குங்க" என்று பின்னால் வந்தவரிடம் சொன்னேன். அவர் வண்டியைத் தூக்காமல் அப்படியே நின்றார். "இது எங்கட சொல்லெல்லோ, நீர் எங்க பிடிச்சனீர்?" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர், இன்று நம் பொருளாளர். சக்கரத்துக்கு எங்கள் வீட்டில் ரோதை என்றுதான் சொல்வார்கள், அது எல்லா ஊரிலும் சொல்வது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போர்த்துகீசியர் இலங்கையில் விட்டுப்போன சொல் அது. அங்கிருந்து என் பாட்டியோடு கடல் தாண்டி மலையேறி, அப்புறம் என்னோடு விமானம் ஏறி, பனியில் ஒரு தள்ளுவண்டிக்குக் கீழே வந்து சிக்கிக்கொண்டது. அன்றைக்கு வீடு வந்து சேர ஒரு மணி நேரம் தாமதம், இரண்டு பேரும் பனியில் நின்றபடி சொல் சொல்லாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். காலையில் ஆளெடுக்கும் பிரட்டு, வீட்டு வரிசையான லயம், கங்காணி என்று எங்கள் தோட்டத்துச் சொற்களை நான் எடுத்துவிட்டேன். பிரட்டு ஆங்கிலத்துப் பரேடு. கங்காணி நம்முடைய கண்காணி, அதை ஆங்கிலேயர் தங்கள் மொழிக்கு எடுத்துக்கொண்டார்கள். கொடுத்ததும் வாங்கியதும் கலந்துதான் கிடக்கிறது, இதில் எதைக் களைந்தாலும் என் பாட்டி பேச்சில் பாதி போய்விடும்.

இந்தப் பயணத்தில் பார்த்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வர்க்கி வாங்கப் போனேன். ஹெத்தையம்மன் திருவிழா நேரம், வெள்ளை முண்டு உடுத்திய படகப் பெண்கள் கடைத்தெரு முழுக்க. கடைக்காரர் அவர்களிடம் படுகுவில் கணக்குச் சொன்னார், எங்களிடம் தமிழ், கூடலூரிலிருந்து சரக்கு கொண்டுவந்தவரிடம் மலையாளம், நடுவில் வந்த வடநாட்டுச் சுற்றுலாக்காரரிடம் ஏதோ ஒரு இந்தி. எல்லாம் பத்து நிமிடத்துக்குள். மகள் தயங்கித் தயங்கி "வர்க்கி... அரை கிலோ... குடுங்க" என்றாள். அவர் நிறுத்துப் போட்டுவிட்டு, மீதிச் சில்லறையை அவள் கையில் எண்ணி வைத்தார், சரியா என்று கேட்டார், அவள் எண்ணிப் பார்த்துவிட்டு "சரி" என்றாள். அவ்வளவுதான். பாராட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை, ஆங்கிலத்துக்குத் தாவவும் இல்லை. வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "இவர் இத்தனை மொழியை எந்தக் கிளாஸ்ல படிச்சார்?"

நம் சனிக்கிழமை வகுப்பைப் பற்றி எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. நாம் பிள்ளைகளுக்குத் தமிழைக் கற்றுக்கொடுக்கிறோம், அதை வைத்துச் செய்ய ஒரு வேலையும் கொடுப்பதில்லை. போன வருடப் பேச்சுப் போட்டியில் ஒரு பையன் அப்பா எழுதிக்கொடுத்த செம்மொழி உரையை நடுவில் மறந்துவிட்டு மேடையிலேயே அழுதான், ஞாபகம் இருக்கும். கல்தோன்றி மண்தோன்றா என்று தொடங்கும் உரையை எட்டு வயதுப் பிள்ளை எதற்கு மறக்காமல் இருக்க வேண்டும்? செயற்குழுவில் பேசிவிட்டோம், இந்த வருடம் பேச்சுப் போட்டி கிடையாது.

பதிலாக, ஜனவரி 17 சனிக்கிழமை விழாவில் சாப்பாட்டுக் கடைகளைப் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள்தான் நடத்துவார்கள். விற்பதும் வாங்குவதும் தமிழில். தப்பாகக் கேட்டாலும் வடை உண்டு, தங்கிலீஷில் கேட்டாலும் உண்டு, ஒரு சொல்லாவது தமிழில் வர வேண்டும், அவ்வளவே. பெரியவர்களுக்குத்தான் கண்டிப்பு: பிள்ளை தடுமாறும்போது குறுக்கே புகுந்து நீங்கள் முடித்துவைக்கக் கூடாது, "ஐயோ, அது 'ழ'டா கண்ணு" என்று வரிசையில் நின்று பாடம் எடுக்கவும் கூடாது. பின்னால் நிற்கிறவருக்குப் பசிக்கும்.

இன்னொன்று. நம்மில் வீட்டில் படுகு பேசும் குடும்பங்கள் இரண்டு இருக்கின்றன, சௌராஷ்டிரம் பேசும் குடும்பமும் உண்டு. "தாய்மொழி தமிழ்" என்று நாம் மேடையில் முழங்கும்போது அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் தோடர், கோத்தர், படகர், இருளர், குறும்பர் என்று ஆளுக்கொரு மொழி, எல்லாரும் சந்தையில் தமிழில் பேசிக்கொள்கிறார்கள், யாரும் யாரையும் உன் வேரைக் காட்டு என்று கேட்பதில்லை. நாமும் கேட்க வேண்டாம். அரங்க வாசலில் ஒரு பலகை வைக்கிறோம். உங்கள் வீட்டில் மட்டும் புழங்கும் சொல் ஒன்றை, அது எந்த மொழியாக இருந்தாலும், தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். கீழே யார் சொன்னது, எதற்குச் சொல்வார்கள் என்று ஒரு வரி. நான் ஒட்டப்போவது எதுவென்று உங்களுக்குத் தெரியும், பொருளாளர் அதை முந்திக்கொண்டு ஒட்டாமல் பார்த்துக்கொள்ளவும்.

ஜனவரி தமிழ் மரபுத் திங்கள், 2016-இல் கனடா நாடாளுமன்றமே அறிவித்தது, அதற்கான கொடியேற்றமும் படமெடுப்பும் வழக்கம்போல நடக்கும். வர முடிந்தவர்கள் வாருங்கள்.

நிகழ்ச்சி காலை பத்து மணிக்கு. போன வருடம் உள்ளே பொங்கல் வைத்து, பால் பொங்குவதற்கு முன் தீயணைப்பு மணி பொங்கியது, இருநூறு பேர் செருப்பில்லாமல் பனியில் நின்றோம். இந்த முறை அடுப்பு வெளியே, பின்வாசல் கூரைக்குக் கீழே. பானையைச் சுற்றி நிற்கிறவர்கள் பட்டுச்சேலைக்கு மேலே கோட்டு போட்டுக்கொள்ளுங்கள், படத்தில் நன்றாக இருக்காதுதான், பரவாயில்லை. கடையில் நிற்க விரும்பும் பிள்ளைகளின் பெயரைப் புதன்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள். நான் 12-ஆம் தேதி கிளம்புகிறேன், ஆறு கிலோ வர்க்கி வருகிறது.

அன்புடன்,
உங்கள் செயலாளர்
கோத்தகிரியிலிருந்து