துபாய் கான்ட்ராக்ட், நோட்டீஸும் கித்மா காசும்

தம்பி, நீ காரைக்குடி வீட்டுக்கு அனுப்புன கான்ட்ராக்ட் போட்டோவ அப்பச்சி எனக்கு ஃபார்வர்ட் பண்ணாக, அதுல இருக்குற அரபி பாராவ அப்படியே தமிழ்ல சொல்றேன்.

"எந்தத் தரப்பு வேலைய முடிச்சுக்கிட்டாலும் 30 நாளைக்கு முன்னாடி எழுத்துல சொல்லணும், அந்த நாளுக்கு முழுச் சம்பளம் உண்டு, சொல்லாம நிறுத்துற தரப்பு அதுக்கான சம்பளத்த மத்தவுகளுக்குக் கட்டணும். ஒரு வருஷம் முடிச்சவருக்கு கித்மா காசு, அதாவது வேலைய விட்டுப் போறப்ப குடுக்குற பணம், மொத 5 வருஷத்துக்கு வருஷம் 21 நாள், அதுக்கு மேல வருஷம் 30 நாள் அடிப்படைச் சம்பளம், வேலை முடிஞ்ச 14 நாளுக்குள்ள குடுக்கணும்."

அதுல "அசாசி"ன்னு இருக்குல்ல, அதான் வில்லங்கம், பேசிக் மட்டும், ரூம் அலவன்ஸ் சேராது. உனக்கு பேசிக் 1800, நாளுக்கு 60 திர்ஹம், 6 வருஷத்துக்கு 6300ம் 1800ம் ஆக 8100. நீயே ராஜினாமா எழுதிக் குடுத்தாலும் இதே கணக்குதான்.