ஜூலை 28

பாட்டிலில் சேற்றை அடைத்து, அதிலிருக்கும் கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் சோதனை. முதல் பாட்டிலைக் கெடுத்தது முட்டைதான். "சேத்துக்குக் கந்தகம் வேணும், மஞ்சள் கருவுல இருக்கு" என்று டீச்சர் சொன்னதைக் கேட்டு, செல்வி மூன்று கருவை அப்படியே கரைத்து ஊற்றினாள். மூடியை இறுக்கித் திருகி மொட்டை மாடியில் வைத்தாள். ஐந்தாம் நாள் பாட்டில் உப்பிப்போய் நின்றது. மூடியைத் திருகியதும் வந்த நாற்றத்தில் அப்பத்தா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கே போய்விட்டாள். உள்ளே மேலிருந்து கீழ்வரை ஒரே கறுப்பு.

"கந்தகம் கூடிப்போச்சு. அழுகின முட்டை வாடை வருதுல்ல, அது ஹைட்ரஜன் சல்பைடு. அதுல பிழைக்கிறதுக்கும் ஓர் அளவு இருக்கு" என்றார் டீச்சர். "மாடி வெயில்ல பாட்டில் வெந்தே போயிருக்கும். மூடியை இறுக்கினா வாயு எங்கடி போகும்?"

மறுபடி ஊருணிக்குப் போனாள். கரையில் வெடித்துக் கிடந்த மண் வேண்டாம். முழங்கால் தண்ணீரில் நின்று, கையைக் கீழே விட்டால் வழவழவென்று வரும் கறுஞ்சேறு, அதுதான் வேண்டும். ஒரு வாளி எடுத்து, கல்லையும் குச்சியையும் பொறுக்கிப் போட்டு, ஊருணித் தண்ணீரையே விட்டு இட்லி மாவுப் பதத்துக்குக் கரைத்தாள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கலாம், அது ஆகாது.

இரண்டு லிட்டர் சோடா பாட்டிலின் கழுத்தை அரிந்துகொண்டாள். கால்வாசிச் சேற்றை மட்டும் தனியாக எடுத்து, செய்தித்தாள் அரைப் பக்கத்தைப் பொடிப்பொடியாகக் கிழித்துப் போட்டாள். அதோடு வேகவைத்த மஞ்சள் கரு ஒரு டீஸ்பூன். சுண்ணாம்புச் சத்துக்கு அப்பத்தா வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவை நீட்டினாள். அது நாக்கையே பொத்துவிடும் காரம், கிருமி தாங்காது. காயவைத்து இடித்த முட்டை ஓடு இரண்டு ஸ்பூன் போதும்.

இந்தக் கலவை அடியில். அதன் மேல் வெறும் சேறு, முக்கால் பாட்டில் வரை. ஒவ்வொரு பிடி போட்டதும் குச்சியால் குத்தி, பாட்டிலைத் தரையில் தட்டிக் காற்றுக் குமிழை வெளியேற்றினாள். குமிழ் தங்கினால் அந்த இடத்தில் பிளவு விழும். மேலே மூன்று விரல் தண்ணீர். வாயில் பாலிதீன் கட்டி ஊசியால் இரண்டு துளை. தேதி எழுதிய தாளை நடுவில் ஒட்டினாள்: ஜூலை 28. திண்ணையைப் பார்த்த வடக்குச் சன்னலில், தாள் வெளிப்பக்கம் தெரியும்படி வைத்தாள். நாள் முழுக்க வெளிச்சம் உண்டு, நேர் வெயில் இல்லை.

"இதை யாரும் தொடக் கூடாது, குலுக்கக் கூடாது அப்பத்தா."

"சாமியா அது? சேறுடி."

முதல் இரண்டு வாரம் சேறாகவேதான் இருந்தது. தண்ணீர் வற்றும்போது ஊருணித் தண்ணீரை ஓரமாக விட்டுக்கொண்டாள். மூன்றாம் வாரம் தண்ணீர் விளிம்பில் பாசிப் பச்சை. அடியில் கறுப்பு ஏறியது. காகிதத்தைச் சில பாக்டீரியாக்கள் நொதிக்கவைக்க, அந்த மிச்சத்தைத் தின்று வேறு சில பாக்டீரியாக்கள் சல்பைடை விடுகின்றன. அது மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்ததால் வந்த கறுப்பு.

ஆறாம் வாரம் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவள் கத்தியே விட்டாள். கறுப்புக்கு மேல் வெளிறிய பச்சைத் திட்டுகள். அதற்கும் மேல் நாவல்பழம் நசுங்கியதுபோல் ஊதா. அதற்கு மேலே துருச் சிவப்பு. நேர்கோடாக இல்லை, அங்கங்கே வழிந்து கிடந்தது. சல்பைடு கீழிருந்து ஏறுகிறது, ஆக்சிஜன் மேலிருந்து இறங்குகிறது. பச்சைக் கந்தக பாக்டீரியா சல்பைடை நிறையத் தாங்கும், அதனால் கீழே. ஊதா அவ்வளவு தாங்காது, ஒரு படி மேலே. 1880களில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர் இப்படிச் சேற்றை அடைத்துவைத்துப் பார்த்த கதையை டீச்சர் அன்றுதான் சொன்னார்.

செப்டம்பர் கடைசியில் தாளின் ஒரு முனை பெயர்ந்து தொங்கியது. செல்வி பாட்டிலை அசைக்காமல், சன்னல் கம்பிக்குள் விரலை விட்டு மெல்ல உரித்தாள்.

உள்ளே ஒரு கட்டம். தாள் இருந்த அதே அளவு, நான்கு மூலையும் வெட்டினாற்போல். சுற்றிலும் ஊதாவும் பச்சையும், கட்டத்துக்குள் மட்டும் சாம்பல் கறுப்புச் சேறு.

"அங்க மட்டும் சோறு கிடைக்கலையா?" என்றாள் அப்பத்தா.

"சேறு ஒண்ணுதான் அப்பத்தா. வெளிச்சந்தான் போகலை."

தாளைத் திரும்ப ஒட்டவில்லை. நோட்டில் கட்டத்தை வரைந்து, ஓரங்களை ஸ்கேல் வைத்து அளந்து எழுதினாள். மூன்று வாரம் கழித்து அளந்தபோது, இடது ஓரத்திலிருந்து அரை சென்டிமீட்டர் ஊதா உள்ளே வந்திருந்தது.