விடயம்: பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பு தாமதம் – ஜூன் 28 வரை அவகாசம் கோரல்

அனுமதிப் பிரிவு அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். கணக்கியல் டிப்ளோமாவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். உயர்தரப் பெறுபேறு, அடையாள அட்டைப் பிரதி எல்லாம் அனுப்பிவிட்டேன். மிச்சம் பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டும்தான்.

என்னிடமிருந்த பிரதியில் அப்பாவின் பெயர் வரும் வரி மடிப்பில் தேய்ந்துவிட்டது. வாசிக்க முடியாததற்கு முத்திரை குத்த மாட்டேன் என்று சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் சொல்லிவிட்டார், அதுவும் நியாயம்தான். புதிய பிரதிக்கு 3ஆம் திகதியே விண்ணப்பித்தேன், இன்னும் கைக்கு வரவில்லை. பற்றுச்சீட்டை இணைத்துள்ளேன்.

இந்த ஓர் ஆவணத்துக்கு மட்டும் முடிவுத் திகதியை ஜூன் 14இலிருந்து 28 வரை நீடித்துத் தர முடியுமா? இல்லையென்றால், தேய்ந்த பிரதியை இப்போதைக்கு ஏற்பீர்களா? சரி என்றால் இன்றே ஸ்கேன் செய்து அனுப்புகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
நிவேதா
வெள்ளவத்தை, கொழும்பு 06