"எஸ் சார், டுமாரோ சார்" மட்டும் போதாதவர்களுக்கு: திருப்பூரில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு

சாம்பிள் எங்கே என்று பையர் தொலைபேசியில் கேட்கிறார். டையிங்கில் இரண்டு நாள் தாமதம், வியாழக்கிழமை அனுப்பிவிடுகிறோம் என்று சொல்ல வேண்டும். அந்தத் துணி எங்கே கிடக்கிறது, ஏன் கிடக்கிறது என்பது அலுவலகத்திலேயே உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் வாயில் வருவது "எஸ் சார், டுமாரோ சார்". நாளைக்கு அது போகாது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அந்த "டுமாரோ"வைத் திருத்தத்தான் இந்த வகுப்பு. பதினோரு வருடம் ஏற்றுமதி நிறுவனங்களில் மெர்ச்சண்டைசராக இருந்துவிட்டுச் சொல்லித்தர வந்தவன் நான். அந்த டுமாரோவை நானும் நிறையச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் கணக்கு. பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். ஆக 48 மணி நேரம். மொழித் திறனை ஆறு நிலைகளாகப் பிரிக்கும் ஐரோப்பிய அளவுகோல் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு ஏற, ஏறத்தாழ 200 மணி நேரம் வகுப்பில் படிக்க வேண்டியிருக்கும் என்கிறது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் உத்தேசக் கணக்கு. நம்மிடம் இருப்பது அதில் கால்வாசி கூட இல்லை. "முப்பதே நாளில் சரளம்" என்று நான் சுவரொட்டி ஒட்டாததற்குக் காரணம் இதுதான். அப்படியொரு சுவரொட்டியை நம்பி நான் பணம் கட்டியதும் உண்டு. முப்பதாவது நாள் கையில் சான்றிதழ் இருந்தது, வாய் பழையபடியே இருந்தது.

அந்த 48 மணி நேரத்தில் என்ன வரும்? உங்கள் வேலையில் திரும்பத் திரும்ப வரும் பத்துப் பதினைந்து சூழல்களைத் தடுமாறியாவது பேசி முடிப்பீர்கள்: தாமதத்துக்குக் காரணம் சொல்வது, தேதி மாற்றிக் கேட்பது, புரியாததை மறுபடி சொல்லச் சொல்வது, ஜிஎஸ்எம் குறைந்தால் விளக்குவது, விலையில் பிடிகொடுக்காமல் நிற்பது. தப்பு வரும். தப்போடு வாக்கியத்தை முடிக்கும் துணிச்சலும் வரும். எதிரில் இருப்பவர் வேகமாகப் பேசினால் தலையாட்டாமல் நிறுத்திக் கேட்பீர்கள். என்னைக் கேட்டால், கட்டிய பணம் இந்த ஒன்றிலேயே தேறிவிடும்.

வராதவையும் உண்டு. உச்சரிப்பு இங்கிலாந்துக்காரர் போல் ஆகாது. ஆக வேண்டியதும் இல்லை. ஆங்கிலச் செய்தி முழுக்கப் புரியாது. நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசும் கூட்டத்தில் அப்போதும் திணறுவீர்கள்.

இலக்கணத்தைத் தனிப் பாடமாக நடத்துவதில்லை. நமக்கு எங்கே இடறுகிறதோ அங்கே மட்டும் நின்று பார்ப்போம். தமிழில் வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை ஒட்டியே வந்துவிடும். அதனால் வாக்கியத்தை மனதுக்குள் முழுதாகக் கட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்போம் என்று காத்திருக்கிறோம், அதற்குள் பையர் "ஹலோ? ஹலோ?" என்கிறார். "ஏ", "தி" இரண்டும் தமிழில் இல்லாததால் விட்டுப்போகும். அதனால் ஷிப்மென்ட் நிற்காது, பிறகு பார்த்துக்கொள்ளலாம். "டிட் யு சென்ட்" என்பதற்குப் பதில் "டிட் யு சென்டிங்" என்று குழம்புவதை மட்டும் முதல் மாதத்திலேயே பிடித்துச் சரிசெய்வோம்.

ஒரு அணியில் பன்னிரண்டு பேர்தான். இருவர் இருவராகப் பேசுவதால் ஒவ்வொருவருக்கும் தினமும் இருபது நிமிடமாவது வாய் திறக்க வாய்ப்பு உண்டு. வீட்டுவேலை ஒன்றே ஒன்று: அன்றைக்கு அலுவலகத்தில் நடந்ததை இரண்டு நிமிடம் பேசிப் பதிவுசெய்து குழுவில் அனுப்ப வேண்டும். இதைச் செய்யாதவர்களுக்குப் பன்னிரண்டு வாரத்தில் பெரிய மாற்றம் தெரிவதில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் "முன்னைவிட மோசமாகிவிட்டேன்" என்று பெரும்பாலும் எல்லோரும் வந்து நிற்பார்கள். தன் தப்பு தன் காதில் விழ ஆரம்பித்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வாரத்தில் மட்டும் நின்றுவிடாதீர்கள்.

காலை அணி 6.30 முதல் 7.30 வரை. ஒன்றரை ஷிப்ட் முடித்து வருபவர்களுக்கு இரவு 9 முதல் 10 வரை. திங்கள் முதல் வியாழன் வரை வகுப்பு. ஷிப்மென்ட் நெருக்கடியில் ஒரு வேளை தவறினால் அடுத்த அணியில் வந்து உட்காரலாம். பெண்கள் பலர் காலை அணியையே கேட்பதால் அதில் ஆறு இடம் அவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

மாதம் 1,500 ரூபாய், மாதாமாதம் கட்டினால் போதும். மூன்று மாதத்துக்கும் சேர்த்து முன்பணம் வாங்குவதில்லை. முதல் வாரத்துக்குள் பிடிக்கவில்லை என்றால் கட்டிய பணத்தை முழுதாகத் தந்துவிடுவேன்.

புதிய அணிகள் ஜூன் முதல் திங்கட்கிழமை தொடங்குகின்றன. அதற்கு முந்தைய ஞாயிறு காலை 10 மணிக்கு இலவசமாக ஒரு வகுப்பு நடத்துகிறேன். இடம் அவிநாசி சாலை, புஷ்பா தியேட்டர் நிறுத்தத்துக்கு அருகில், மருந்துக் கடைக்கு மேல் முதல் மாடி. வரும்போது சமீபத்தில் உங்களைத் திணறவைத்த ஒரு தொலைபேசி உரையாடலை நினைவில் வைத்துக்கொண்டு வாருங்கள். அதிலிருந்தே ஆரம்பிப்போம்.