கல் வந்தாச்சா? தோசைக்கு முன்னால் மூன்று வேலை

1 / 9
வணக்கம். பெட்டியைத் தூக்கும்போதே தெரிந்திருக்கும்!
12 அங்குல வார்ப்பிரும்புத் தோசைக்கல், கிட்டத்தட்ட 3 கிலோ. மாவு புளித்துத் தயாராக இருந்தாலும் இன்று ராத்திரி பழைய கல்லிலேயே ஊற்றிக்கொள்ளுங்கள். இந்தக் கல்லை நாங்கள் பழக்காமல்தான் அனுப்பியிருக்கிறோம். கழுவிக் காய வைப்பது, எண்ணெயில் பழக்குவது, வெங்காயம் வதக்குவது என்று மூன்று வேலை பாக்கி இருக்கிறது. அப்புறம்தான் தோசை.
[தள்ளிப் பாருங்கள் →]

2 / 9
அதற்கும் முன்னால், ஒரு தட்டு
கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, மரக்கரண்டியால் கல்லின் ஓரத்தில் ஒரு தட்டு தட்டுங்கள். கோயில் மணி மாதிரி ‘கணீர்’ என்று இழுத்தால் நல்ல கல். ‘டொக்’ என்று செத்த சத்தம் வந்தால் வழியில் எங்கேயோ விரிசல் விட்டிருக்கலாம். வார்ப்பிரும்பு கனமே தவிர, கீழே விழுந்தால் உடையும். சந்தேகமாக இருந்தால் மேலே எதுவும் செய்யாமல் நேராகக் கடைசி அட்டைக்குப் போய்விடுங்கள்.

3 / 9
முதல் வேலை: கழுவுங்கள்
மணல் அச்சில் வார்த்த கல் இது. துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி அனுப்பியிருக்கிறோம். வெந்நீர், கொஞ்சம் சோப்பு, தேங்காய் நார். முன்பக்கம், பின்பக்கம், கைப்பிடி இடுக்கு எல்லாம் தேய்த்துவிடுங்கள். தண்ணீர் கறுப்பாகத்தான் வரும், பயப்படாதீர்கள்.

வீட்டில் சோறு வடிக்கிறவர்கள் ஓர் இரவு வடிகஞ்சியில் ஊறவைத்து, காலையில் மறுபடி தேய்த்தால் இன்னும் சுத்தமாகும். மூன்று நாள், ஒரு வாரம் என்று ஊறப்போடச் சொல்கிறவர்களும் உண்டு. எங்கள் அனுபவத்தில் ஓர் இரவு போதும். குக்கர் வீடா? அரிசி கழுவிய தண்ணீர் போதும். அதுவும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், குடி முழுகிவிடாது.

4 / 9
கவிழ்த்து வைக்காதீர்கள்
மற்றப் பாத்திரங்களோடு ஈரமாகக் கவிழ்த்து வைத்தால், சாயங்காலம் எடுக்கும்போது ஆரஞ்சு நிறத்தில் பூத்திருக்கும். கழுவின கையோடு துணியால் துடைத்து, சிறு தீயில் ஐந்து நிமிடம் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரமும் போய்விடும்.
[கழுவிக் காய வைத்துவிட்டேன் ✓]

5 / 9
இரண்டாம் வேலை: பழக்குங்கள்
ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை வரும்.

கல் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய் விட்டு, பழைய பருத்தித் துணியால் இரண்டு பக்கமும் தேய்த்துவிடுங்கள். பிறகு காய்ந்த துணி ஒன்றை எடுத்து, தடவின எண்ணெயைத் துடைத்து எடுங்கள். ஆமாம், துடைத்துத்தான் எடுக்க வேண்டும். ‘ஒண்ணுமே இல்லையே’ என்று தோன்றும் அளவுக்கு இருந்தால் சரியான அளவு.

இனி மிதமான தீயில் வையுங்கள். மெல்லப் புகைய ஆரம்பிக்கும். புகை அடங்குகிற வரை விட்டு, அடுப்பை அணைத்துத் தானாக ஆறவிடுங்கள். இது ஒரு சுற்று. இப்படி நான்கு சுற்று. ஒரே நாளில் முடிக்க வேண்டிய கட்டாயமில்லை.

சூட்டில் எண்ணெய் தன் குணம் மாறி, இரும்பைப் பற்றிக்கொண்டு கெட்டியான படலமாகிவிடுகிறது. அம்மாவின் கல்லில் தோசை வழுக்கிக்கொண்டு வந்ததே, அது இந்தப் படலத்தின் வேலை. சாம்பல் நிறமாக இருந்த கல் முதல் சுற்றில் பழுப்படிக்கும், நான்காவது சுற்றில் கறுக்கும். திட்டுத் திட்டாக இருந்தாலும் கவலையில்லை, சமைக்கச் சமைக்கச் சமனாகிவிடும்.

6 / 9
பிசுபிசுக்கிறதா?
எங்களுக்கு வரும் புகார்களில் பாதி இதுதான். ‘நல்லா பழகட்டும்னு எண்ணெயைத் தாராளமா விட்டேன், இப்போ விரல் ஒட்டுது.’ தாராளம்தான் பிரச்சினை. தடிமனாக நின்ற எண்ணெய் படலமாகாமல் பசையாகிவிடும். தேங்காய் நாரும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்து, கழுவிக் காய வைத்து, எண்ணெயே விடாமல் ஒரு முறை காய்ச்சுங்கள். போகாத பசை மறுமுறை தேய்த்தால் போகும்.
[நான்கு சுற்று முடித்துவிட்டேன் ✓]

7 / 9
மூன்றாம் வேலை: வெங்காயம்
பெரிய வெங்காயம் இரண்டை நீளமாக நறுக்கி, இரண்டு ஸ்பூன் எண்ணெயில் கல் முழுக்கப் பரப்பி, கறுகுகிற வரை வதக்குங்கள். ஓரங்களையும் விடாதீர்கள், தோசை பிய்வது பெரும்பாலும் அங்கேதான். வெங்காயத்தைக் கொட்டிவிடுங்கள். கல்லில் மிச்சமிருக்கும் இரும்பு வாடையும் கரியும் அதோடு போகும்.

முதல் ஒரு மாதம் தக்காளி, புளி, எலுமிச்சை இந்தக் கல் பக்கம் வர வேண்டாம். புளிப்பு புதுப் படலத்தை அரித்துவிடும். சப்பாத்திக்கும் வேறு கல் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில்லாமல் காயக் காயப் படலம் எரிந்துபோகும், மறுநாள் தோசை பிடித்துக்கொள்ளும். இது பாட்டி சொன்னதுதான், ஆனால் சும்மா சொன்னதில்லை.

8 / 9
இப்போது ஊற்றலாம்
முதலில் தடிமனாக இரண்டு ஊத்தப்பம், எண்ணெய் கொஞ்சம் தாராளமாக. இங்கே தாராளம் சரி! மெல்லிய நெய் ரோஸ்ட்டெல்லாம் அடுத்த வாரம்.

கல் காய்ந்ததும் தண்ணீர் தெளியுங்கள். ‘சுர்’ரென்று உடனே ஆவியானால் சூடு சரி. துளிகள் முத்து முத்தாக ஓடி விளையாடினால் சூடு அதிகம்; அந்தச் சூட்டில் மாவைத் தேய்த்தால் கரண்டியோடு சுருண்டு வந்துவிடும். தீயைக் குறைத்து, எண்ணெயில் தோய்த்த பாதி வெங்காயத்தால் ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டு ஊற்றுங்கள். ஓரம் தானாக எழும்புகிற வரை தோசைத்திருப்பியை உள்ளே விடாதீர்கள்.

முதல் தோசை பிய்ந்தால்? எங்கள் வீட்டிலும் பிய்ந்தது. காக்காய்க்கு வைத்தோம்.

வேலை முடிந்ததும் சூடான கல்லில் பச்சைத்தண்ணீர் ஊற்ற வேண்டாம், விரிசல் விடும். ஆறியதும் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள். ஊற வைப்பது, பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடுவது இரண்டும் கூடாது.

9 / 9
ஏதாவது சரியில்லையா?
▪ விரிசல், கைப்பிடி உடைசல், தட்டினால் ‘டொக்’: பொருள் கைக்கு வந்த 7 நாளுக்குள் படமோ, சத்தம் கேட்கிற மாதிரி சின்ன வீடியோவோ இந்த அரட்டையிலேயே அனுப்புங்கள். புதுக் கல் அனுப்புகிறோம். பழையதைத் திருப்பி அனுப்பக் கூரியர் செலவு எங்களுடையது.
▪ துரு: கல் கெட்டுப்போகவில்லை. நாரால் தேய்த்து, காய வைத்து, 5-ஆவது அட்டையிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.
▪ இன்டக்‌ஷன் அடுப்பு: தாராளமாக வைக்கலாம். சூட்டைப் படிப்படியாக ஏற்றுங்கள், கண்ணாடி மேல் கல்லை இழுக்காமல் தூக்கி வையுங்கள்.
▪ வேறு எதுவானாலும்: காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை, ஞாயிறு தவிர, பட்டறையில் ஆள் இருப்பார். தமிழிலேயே கேளுங்கள்.

[உதவி வேண்டும்]  [முதல் தோசைப் படம் அனுப்புகிறேன்]