அக்டோபர் ஜிஎஸ்டி: ஈரோடு பெயின்ட் கடைக்காரரிடம் போனில் பேச வேண்டியது

காவ்யா, இன்று (17.11.2025) 12 மணிக்கு மேல் கூப்பிடு. காலையில் கடையில் கூட்டம் இருக்கும். தொகையை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடு. சுற்றி வளைத்தால் அவருக்குப் பதற்றம்தான் கூடும்.

"அண்ணா, ஆடிட்டர் ஆபீஸிலிருந்து காவ்யா. ஐந்து நிமிடம் பேசலாமா? அக்டோபர் மாதத்துக்கு ரூ.1,42,500 பணமாகக் கட்ட வேண்டியிருக்கிறது. நீங்கள் ரூ.34,500 என்று நினைத்திருப்பீர்கள். கோவை சப்ளையர் உங்கள் இரண்டு பில்லையும் GSTR-1-இல் ஏற்றவில்லை. அதனால் ரூ.1,08,000 கிரெடிட் GSTR-2B-இல் வரவில்லை."

இங்கே நிறுத்து. அவர் பேசட்டும்.

"நான்தான் வரியோடு முழுப் பணமும் கொடுத்துவிட்டேனே!" என்பார். அவர் கோபம் நியாயமானது, குறுக்கே பேசாதே.

"ஆமாம் அண்ணா, உங்கள் பக்கம் தவறே இல்லை. ஆனால் 2022 ஜனவரி முதல், சப்ளையர் ஏற்றாத பில்லுக்குக் கிரெடிட் எடுக்க முடியாது."

"பில் கையில் இருக்கிறது, எடுத்துவிடுங்கள்" என்றால்: "எடுத்துப் பயன்படுத்தினால் பிறகு நோட்டீஸ் வரும், 18% வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். அந்தச் சிக்கலில் உங்களை விட எனக்கு மனமில்லை அண்ணா."

"இப்போது கையில் அவ்வளவு இல்லை" என்றால்: "20-ஆம் தேதிக்குள் எவ்வளவு முடியுமோ அதைச் சலான் போட்டு கேஷ் லெட்ஜரில் வைத்துவிடுங்கள். அந்தத் தொகைக்கு வட்டி ஓடாது. முழுத் தொகையும் தள்ளிப்போனால் வட்டி மட்டும் நாளுக்கு சுமார் ரூ.70, தாமதக் கட்டணம் நாளுக்கு ரூ.50."

மறக்கக் கூடாதவை: பணம் போய்விடவில்லை, டிசம்பர் 11-க்குள் சப்ளையர் பில்லை ஏற்றினால் 14-ஆம் தேதி 2B-இல் வரும், நவம்பர் ரிட்டர்னில் எடுத்துக்கொள்ளலாம். சப்ளையரிடம் நாமும் பேசுவோம். எவ்வளவு, எப்போது கட்டுவார் என்று கேட்காமல் போனை வைக்காதே. 'கட்டாயம் வந்துவிடும்' என்று மட்டும் சொல்லாதே, அது நம் கையில் இல்லை.

பேசி முடித்த அரை மணிக்குள் இந்த மின்னஞ்சல் போக வேண்டும். ரூ.80,000, ரூ.62,500, 27-ஆம் தேதி என்ற இடங்களில் அவர் சொல்வதற்கு ஏற்ப மாற்றிப் போடு. என் கணிப்பில் ரூ.80,000-தான் அவரால் உடனே புரட்ட முடியும்.

பொருள்: அக்டோபர் 2025 GSTR-3B – கட்ட வேண்டிய தொகை ரூ.1,42,500

வணக்கம் அண்ணா,

இன்று போனில் பேசியதை எழுத்தில் தருகிறேன்.

விற்பனை வரி ரூ.1,64,200
2B-இல் உள்ள கிரெடிட் ரூ.21,700
கட்ட வேண்டியது ரூ.1,42,500

கோவை சப்ளையரின் இரண்டு பில்களுக்கான ரூ.1,08,000 இதில் சேரவில்லை. 20-ஆம் தேதிக்குள் ரூ.80,000 கட்டுவதாகவும், மீதி ரூ.62,500-ஐ 27-ஆம் தேதி கட்டுவதாகவும் சொன்னீர்கள். முழுத் தொகையும் வந்த அன்றே ரிட்டர்ன் தாக்கல் செய்வோம். தாமதமாகும் ரூ.62,500-க்கு மட்டும் வட்டியும், தாமதக் கட்டணமும் சேரும்.

சப்ளையருக்கு நாளை எழுதுகிறோம், நகல் உங்களுக்கும் வரும். அவருடைய அடுத்த பில்லுக்கு, 2B-இல் தெரியும்வரை வரித் தொகையை மட்டும் நிறுத்தி வையுங்கள்.

இதில் ஏதாவது மாறியிருந்தால் நாளை மாலைக்குள் சொல்லுங்கள்.

காவ்யா